முடிஞ்சதுன்னு யார் சொல்றது? மைல்ஸ்டோன் பில்லும் வாடிக்கையாளரின் சைன்-ஆஃபும்

சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகளில் மாதக் கடைசியில் அடிக்கடி நடக்கும் போன் பேச்சு ஒன்று உண்டு. இந்தப் பக்கம் ப்ராஜெக்டைப் பார்த்துக்கொள்பவர், "சார், டெவலப்மென்ட் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு, ரெண்டாவது பில் பாஸ் பண்ணிடலாங்களா?" என்பார். அந்தப் பக்கம் கணக்கு பார்ப்பவர், "இன்னும் சின்னச் சின்ன கரெக்‌ஷன் இருக்குதுங்க தம்பி, அதையும் முடிச்சிட்டுப் போட்டுக்கலாம்" என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் "முடிந்தது" என்பதைத் தன் மேசையிலிருந்து பார்க்கிறார், மற்றவர் தன் குடோனிலிருந்து பார்க்கிறார். ஒப்பந்தத்தில் "டெவலப்மென்ட் முடிந்ததும் 30 சதவீதம்" என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த மேசையை நம்புவது என்பதற்கு அதில் விடை இருக்காது.

கோவையிலிருந்து திருப்பூர் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு நாங்கள் செய்த வேலையை வைத்து இதை விளக்குகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், தொகைகளையும் முழு எண்ணாக்கியிருக்கிறேன். நூல் வரவிலிருந்து பேக்கிங் வரை சரக்கு எங்கே இருக்கிறது என்று காட்டும் மென்பொருள் அது. 12 லட்சம் ரூபாய், ஜிஎஸ்டி தனி, ஐந்து மாத வேலை.

முதலில் நாங்கள் கொடுத்த கொட்டேஷனில் எல்லோரும் போடுகிற வரிசைதான் இருந்தது: அட்வான்ஸ் 30 சதவீதம், டெவலப்மென்ட் முடிந்ததும் 30, டெஸ்டிங் முடிந்ததும் 30, லைவ் போனதும் 10. இதற்கு முந்தைய ப்ராஜெக்ட் ஒன்றில் இதே வரிசையில் நடுவிலுள்ள இரண்டு தவணைகளுக்காக நாலு மாதம் அலைந்திருந்தோம். அந்த இரண்டு வார்த்தைகளும் எங்கள் ஆபீஸுக்குள் நடப்பதன் பெயர்கள். டெவலப்மென்ட் முடிந்ததா என்பதை வாடிக்கையாளரால் பார்க்கவே முடியாது, அவருக்குத் தெரிவது திரையில் வருவது மட்டும்தான். பார்க்க முடியாத ஒன்றுக்குப் பணம் கேட்டால், அவர் பார்க்க முடிந்த ஏதாவது ஒரு குறையைக் காட்டி நிறுத்தி வைப்பார். நியாயமும் அதுதான்.

அதனால் இந்த முறை தவணைகளை அவர்கள் தொழிலின் நடையில் பிரித்தோம். கையெழுத்தானதும் அட்வான்ஸ் 2.40 லட்சம். நூல், துணி வரவும் இருப்பும் 2.40 லட்சம். நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என வெளியே போய் வரும் ஜாப் ஒர்க் கணக்கு 3 லட்சம். கட்டிங் முதல் பேக்கிங் வரை 2.40 லட்சம். பழைய கணக்கை ஏற்றி, ஆட்களைப் பழக்கி லைவ் போவது 1.20 லட்சம். மிச்சம் 60 ஆயிரம் பிடித்தம். ஒவ்வொரு மைல்ஸ்டோனுக்குள்ளும் பத்திலிருந்து பதினைந்து டாஸ்க். பில் போடுவதற்கான நிகழ்வு ஒன்றுதான்: அந்த மைல்ஸ்டோனின் டாஸ்க்குகளை வாடிக்கையாளர் தரப்பில் பெயர் குறிப்பிட்ட ஒருவர் எழுத்தில் ஏற்றுக்கொண்ட நாள். நாங்கள் முடித்த நாளுக்கும் அனுப்பிய நாளுக்கும் பில் கிடையாது.

இதில் முழு பாரமும் "ஏற்றுக்கொண்ட" என்ற சொல்லின் மேல் விழுகிறது. அதனால் ஒவ்வொரு டாஸ்க்குக்கும், எதைப் பார்த்தால் ஏற்பார் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். பெரிய ஆவணம் தேவையில்லை. ஜாப் ஒர்க் மைல்ஸ்டோனில் ஒரு டாஸ்க்குக்கு நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: "டையிங்குக்கு 100 கிலோ டெலிவரி சலான் போட்டு, 94 கிலோ திரும்ப வரவு வைத்தால், பிராசஸ் லாஸ் 6 கிலோ, 6 சதவீதம் என்று திரையிலும் ரிப்போர்ட்டிலும் வர வேண்டும்." துணியைச் சாயத்துக்கு அனுப்பினால் எடை குறைந்துதான் திரும்பும், அதைத்தான் அங்கே பிராசஸ் லாஸ் என்பார்கள். குடோன் மேனேஜர் தன் கையிலிருக்கும் சலான் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்து, அரை மணி நேரத்தில் சரியா தப்பா என்று சொல்லிவிடலாம். ஒரு டாஸ்க்கை அவரால் ஒரே நாளில் தன் சொந்தக் கணக்கை வைத்துச் சோதிக்க முடியவில்லை என்றால், அந்த டாஸ்க் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். "ரிப்போர்ட்டுகள் அனைத்தும்" என்று ஒரு டாஸ்க் இருந்தால் அது ஒருநாளும் ஏற்கப்படாது, ஏனென்றால் அனைத்தும் என்பதற்கு எல்லை இல்லை.

யார் ஏற்பது என்பதில்தான் நாங்கள் முதலில் சறுக்கினோம். முதலாளி பெயரைப் போட்டிருந்தோம். பணம் கொடுப்பவர் அவர்தானே என்ற நினைப்பு. ஆனால் அவர் சாஃப்ட்வேரைத் திறந்துகூடப் பார்க்கப்போவதில்லை, மேனேஜரைக் கேட்பார். மேனேஜரோ பில் என்ற பேச்சு வந்தாலே பயந்து "இன்னும் கொஞ்சம் பார்க்கணும்" என்பார். பிறகு மாற்றி எழுதினோம்: ஒவ்வொரு மைல்ஸ்டோனையும் அதைத் தினமும் பயன்படுத்தப்போகும் பிரிவின் பொறுப்பாளர் ஏற்பார், அவர் இல்லாத வாரத்தில் இன்னார், முதலாளிக்கு நகல் மட்டும். இந்த "இல்லாத வாரம்" சின்ன விஷயம் இல்லை. ஷிப்மென்ட் வாரத்தில் திருப்பூரில் எவரையும் கணினி முன் உட்கார வைக்க முடியாது. பையர் வருகிற வாரமும் அப்படித்தான். மைல்ஸ்டோனை ஒப்படைக்கும் தேதியை அவர்கள் ஷிப்மென்ட் காலண்டரைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்பதை ஒரு மாதப் பணம் தள்ளிப்போன பிறகே கற்றுக்கொண்டோம்.

ஒப்படைத்த பிறகு அவர் எதுவுமே சொல்லவில்லை என்றால்? இதற்கு ஒப்பந்தத்தில் நாள் கணக்கு எழுதினோம். எந்தெந்த டாஸ்க், எப்படிச் சோதிப்பது என்று பட்டியலிட்டு மெயில் அனுப்பிய நாளிலிருந்து ஏழு வேலை நாள். ஐந்தாவது நாள் நினைவூட்டல் ஒன்று போகும். அதற்குள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால் ஏற்றதாகக் கொள்ளப்படும். அந்த டாஸ்க்கை உண்மையான சலானுக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டாலும் ஏற்றதாகவே கொள்ளப்படும். இந்த இரண்டாவது விதி புதிதல்ல. பொருள் விற்பனைக்கு 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு ஏறக்குறைய இதையே சொல்கிறது: மறுக்கிறேன் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலோ, தன் பொருள்போல் நடத்தினாலோ, வாங்கியவர் ஏற்றதாகவே ஆகும். அந்தச் சட்டம் பொருளுக்கானது. நம்முடையது சேவை என்பதால் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதிக்கொள்வது நல்லது.

சேவைக்கும் சேர்த்துப் பேசும் சட்டம் ஒன்றும் இருக்கிறது, 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டம். குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு வைத்திருப்பவருக்கு இது பொருந்தும். பலரும் இதை "45 நாளில் பணம்" என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எந்த நாளிலிருந்து 45 என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சட்டம் எண்ணத் தொடங்குவது பில் தேதியிலிருந்து அல்ல, ஏற்பு நாளிலிருந்து. சேவையை ஒப்படைத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்பு நாளாகக் கருதப்படும். எழுத்தில் ஆட்சேபம் சொல்லியிருந்தால், அதைச் சரிசெய்து முடித்த நாள்தான் ஏற்பு நாள். பணம் தரும் கெடுவை இரண்டு தரப்பும் எழுத்தில் பேசி வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஏற்பு நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. பேசி எழுதவில்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக.

நடைமுறையில் இந்த வட்டியைக் கேட்டு வாங்கிய சிறு நிறுவனங்கள் குறைவாகத்தான் இருக்கும், அடுத்த ஆர்டர் வேண்டுமே. ஆனால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 2023இல் சேர்த்த 43பி(எச்) பிரிவு வந்த பிறகு பேச்சு மாறியிருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் தராமல் நிலுவை வைத்தால், அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். மார்ச் மாதத்தில் அவர்கள் ஆடிட்டரே "இவங்களுக்கு எப்போ ஏற்பு ஆச்சு?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். அப்போது தேதியோடு ஒரு மெயில் இருந்தால் வேலை எளிது, இல்லையென்றால் பழைய கதைதான். இதில் கவனிக்க வேண்டியது, போனில் சொன்ன குறை எழுத்தில் சொன்ன ஆட்சேபம் ஆகாது. அதை நமக்குச் சாதகமாக வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம்தான். நாங்கள் போனில் வந்த குறையை நாங்களே மெயிலில் எழுதி அனுப்பிவிடுவோம். அடுத்த மைல்ஸ்டோனுக்கும் அதே மேனேஜரிடம்தானே போய் நிற்க வேண்டும்?

வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரலையும் சொல்லிவிடுகிறேன். மேனேஜர் குரூப்பில் 👍 போட்டால் அது டாஸ்க்குக்கா, "நாளைக்கு வர்றேன்" என்ற எங்கள் செய்திக்கா என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் அவர் கட்டைவிரல் போட்டதும், அதே நாளில் "டாஸ்க் 9, 10, 11 ஏற்கப்பட்டதாகக் குறித்துக்கொள்கிறோம்" என்று கம்பெனி மெயிலுக்கு ஒரு வரி போகும். அவர் பதில் "ஓகே" என்று ஒரு சொல்லாக இருந்தாலும் போதும்.

இப்போது ஜாப் ஒர்க் மைல்ஸ்டோனுக்கு வருகிறேன். 14 டாஸ்க், 3 லட்சம். ஆறாவது வேலை நாளில் 13 டாஸ்க்குக்கு ஓகே வந்துவிட்டது. பிராசஸ் லாஸ் டாஸ்க் மட்டும் நின்றது. மேனேஜர் சொன்ன காரணம் சரியானதுதான்: "டார்க் ஷேடுக்கும் லைட் ஷேடுக்கும் லாஸ் ஒண்ணா இருக்காதுங்க. ஷேடு வாரியா எவ்வளவு வரலாம்னு வச்சு, அதுக்கு மேல போனா செவப்புல காட்டணும்." அவருக்கு உண்மையிலேயே தேவையான வசதி அது. ஆனால் நாங்கள் எழுதி வைத்த சோதனையில் அது இல்லை. 100 போய் 94 வந்தால் 6 காட்ட வேண்டும், அது காட்டுகிறது.

இந்த இடத்தில்தான் வேலை தொடங்கும் முன் எழுதிய அந்த ஒரு வரி பணமாக மாறியது. அது இல்லாதிருந்தால் இது பிழையா, புது வேலையா என்று இரண்டு வாரம் பேசியிருப்போம், 3 லட்சமும் நின்றிருக்கும். வரி இருந்ததால், டாஸ்க்கை எழுதியபடி ஏற்றுக்கொண்டு, ஷேடு வாரி வரம்பைத் தனி மாற்றக் கோரிக்கையாக 25 ஆயிரத்துக்குப் போட்டோம். அவர் கொஞ்சம் முகம் சுளித்தார். முதலாளி 20 ஆயிரத்துக்குப் பேசி முடித்தார்.

அது உண்மையான பிழையாக இருந்திருந்தால்? அதற்கும் ஒப்பந்தத்தில் வழி வைத்திருந்தோம். மைல்ஸ்டோனில் பெரும்பகுதி ஏற்கப்பட்டு, பாக்கி இருப்பது வேலையை நிறுத்தாத குறையாக இருந்தால், மைல்ஸ்டோன் தொகையில் 10 சதவீதத்தை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதிக்குப் பில் போடலாம். 3 லட்சத்தில் 30 ஆயிரம் நிற்கும், 2.70 லட்சம் நகரும். இந்த விதி இல்லாமல் "எல்லா டாஸ்க்கும் ஏற்றால்தான் பணம்" என்று வைத்தால், ஏற்பு முறை நமக்கே கண்ணியாகிவிடும். ஒரு பட்டன் நிறத்துக்காக 3 லட்சம் நிற்பதை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

பில் எப்போது போட வேண்டும் என்பதில் ஜிஎஸ்டியும் பேசுகிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் ஓடி, தவணை தவணையாகப் பணம் வாங்கும் சேவையைச் சட்டம் தொடர் சேவை என்கிறது. அதில் பணம் ஒரு நிகழ்வு முடிவதோடு கட்டப்பட்டிருந்தால், அந்த நிகழ்வு முடியும் நாளிலோ அதற்கு முன்போ பில் போட்டாக வேண்டும் என்பது சிஜிஎஸ்டி சட்டத்தின் 31(5) பிரிவு. ஒப்பந்தத்தில் நிகழ்வு "மாட்யூல் ஒப்படைப்பு" என்று இருந்தால், ஒப்படைத்த அன்றே பில். 3 லட்சத்துக்கு 18 சதவீதம் 54 ஆயிரம். மாதாமாதம் தாக்கல் செய்பவர் அதை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், வாடிக்கையாளர் இன்னும் திரையைத் திறக்காவிட்டாலும். நிகழ்வு "வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வ ஏற்பு" என்று இருந்தால், வரிக்கான கடிகாரமும் அப்போதுதான் ஓடத் தொடங்கும். ஒரு சொல் மாறினால் கைப்பணத்தில் 54 ஆயிரம் ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்பின் நகர்கிறது. அட்வான்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு வாங்கும்போதே வரி உண்டு. பொருளுக்குத்தான் அதில் விலக்கு.

இதையெல்லாம் எதில் பதிவது? எக்ஸெல் போதும். ஆனால் டாஸ்க் பட்டியல் மென்பொருளில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அநேகமாக எல்லாவற்றிலும் "Done" என்ற நிலை இருக்கும், அதை அழுத்துவது நம் ஆள். பில்லை அதோடு இணைத்துவிட்டால் பழைய கொட்டேஷனுக்கே திரும்பிப் போய்விட்டோம். முடித்த தேதி வேறு, ஏற்ற தேதி வேறு, இரண்டு தனிக் கட்டங்கள் வேண்டும். ஏற்ற தேதியை மெயில் ஆதாரம் இல்லாமல் நிரப்பக் கூடாது. எங்களிடம் பில் போடத் தயாரான மைல்ஸ்டோன்களைத் தேடும் வினவல் இப்படி இருக்கிறது:

```sql
SELECT m.name
FROM milestone m
WHERE m.invoiced_on IS NULL
  AND EXISTS (SELECT 1 FROM task t
              WHERE t.milestone_id = m.id)
  AND NOT EXISTS (SELECT 1 FROM task t
                  WHERE t.milestone_id = m.id
                    AND t.accepted_on IS NULL);
```

நடுவிலிருக்கும் `EXISTS` முதலில் இல்லை. "ஏற்காத டாஸ்க் எதுவும் இல்லையா" என்று மட்டும் கேட்டிருந்தோம். ஒரு நாள், டாஸ்க்கே சேர்க்காத நாலாவது மைல்ஸ்டோன் பில்லுக்குத் தயார் என்று வந்து நின்றது. ஏற்காத டாஸ்க் அதில் இல்லைதான், டாஸ்க்கே இல்லையே! நல்ல வேளை, பில் போகவில்லை.

பதிவில் இன்னொரு விதியும் வைத்தோம்: ஏற்ற டாஸ்க்கை மறுபடி திறப்பதில்லை. மூன்றாவது மைல்ஸ்டோன் நடக்கும்போது, ஏற்கெனவே ஏற்ற துணி வரவுத் திரையில் ஒரு பிழை வந்தது. எங்கள் பையன் பழைய டாஸ்க்கைத் திறந்து "In progress" என்று மாற்றிவிட்டான். அந்த மைல்ஸ்டோனுக்குப் பில் போய்ப் பணமும் வந்துவிட்டது, ஆனால் பட்டியலைப் பார்த்தால் பாதிதான் முடிந்ததுபோல் தெரிகிறது. அதை அவர்கள் கணக்காளர் பார்த்தால் அடுத்த பில்லைப் பிடித்து வைக்கத் தோன்றாதா? பிழைக்குப் புது எண்ணில் தனி டாஸ்க், பழையது எந்தப் பதிப்பில் எந்த நாளில் ஏற்கப்பட்டது என்பது அப்படியே இருக்கும். பிழையை இலவசமாகத்தான் திருத்துகிறோம், அதில் வாதமில்லை.

கடைசி 60 ஆயிரம் பிடித்தத்துக்கு மட்டும் ஏற்பு முறையை வைக்கவில்லை. லைவ் போன பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடினால், "ஒழுங்காக ஓடுகிறது" என்று எவரும் கையெழுத்துப் போட வரமாட்டார்கள். போடச் சொன்னால் பழைய குறையொன்றைத் தேடி எடுப்பார்கள். அதனால் லைவ் போன நாளிலிருந்து 90ஆவது நாள், அப்போது வேலையை நிறுத்தும் பிழை எதுவும் எழுத்தில் நிலுவையில் இல்லை என்றால் பணம் தர வேண்டும் என்று தேதியைத்தான் வைத்தோம். 90ஆவது நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. மறுநாள் காலையில் பில் போனது, பணம் வர இன்னும் மூன்று வாரம் ஆனது.